ஃபேன்ஸி நம்பர்னு கடையில போய் போர்ட்டிங் கோட் வாங்காதீங்க: 14,500 ரூபாய் போச்சு

தண்டையார்பேட்டை, வண்ணாரப்பேட்டை பக்கம் இருக்கிறவங்க தயவுசெய்து முழுசா படிங்க. கை நடுங்குது, அவ்வளவு கோபத்துல எழுதுறேன். 14,500 ரூபாய். தண்ணி கேன் போட்டுச் சேர்த்த காசு.

வீட்டுக்காரர் கேன் பிசினஸை எங்க ஏரியாவுல புதுசா ஆரம்பிச்சிருக்காரு. இந்தத் தொழில்ல போன் நம்பர்தான் கடை போர்டு. கேன் மேல ஸ்டிக்கர், டிரைசைக்கிள் பின்னாடி பெயின்ட், எல்லாத்துலயும் நம்பர்தான். ஃபிரிட்ஜ்ல ஒட்டினதைப் பார்க்காமலே ஜனங்க டயல் பண்ணணும். அதனால கடைசியில நாலு எட்டு வர்ற நம்பர் வேணும்னு தேடினோம். ஆசைக்காக இல்ல, தேவைக்காக.

மெயின் ரோட்டுல ஒரு மொபைல் கடை. டெம்பர்டு கிளாஸ், ரீசார்ஜ், சிம் எல்லாம் விக்கிற சாதாரண கடைதான். பேர் போடல. அங்க இருந்த பையன் ஒரு நோட்டை எடுத்துக் காட்டினான். பக்கம் பக்கமா நம்பர், பக்கத்துல விலை. "கம்பெனி குடுக்கிற நம்பர்ல இதெல்லாம் வராது அக்கா. இது டீலர் வெச்சிருக்கிற நம்பர். உங்களுக்கு கோட் குடுப்பேன். ஆதாரை எடுத்துட்டுப் போய் எந்த ஷோரூம்ல வேணா போர்ட் போடுங்க, நம்பர் உங்க பேருக்கு வந்துடும்"னான்.

நம்பருக்கு 11,000. பிளாக்கிங் சார்ஜ் 2,000. ஆக்டிவேஷன் 1,500. இந்தக் கடைசி ரெண்டும் என்னன்னு இப்பவரைக்கும் ஒருத்தனும் விளக்கல. சிம் மாத்தித் தர்ற ஷோரூம்ல அப்படி எதுவும் என்கிட்ட கேக்கவே இல்ல.

நம்பினது எதை வெச்சுன்னு சொல்றேன், ஏன்னா உங்களையும் இப்படித்தான் நம்ப வைப்பாங்க. அந்த சிம்மை என் கண்ணு முன்னாடியே ஒரு பட்டன் போன்ல போட்டான். அதுலேர்ந்து என் போனுக்கு ரிங் விட்டான். ஸ்கிரீன்ல அந்த நாலு எட்டும் வந்துச்சு. அப்புறம் PORT-னு டைப் பண்ணி, இடைவெளி விட்டு நம்பரைப் போட்டு, 1900-க்கு மெசேஜ் அனுப்பினான். உடனே எட்டு எழுத்து கோட் வந்துச்சு. யுபிசின்னு சொல்றாங்களே, அதுதான். எல்லாமே நிஜம். நம்பர் நிஜம், கோட் நிஜம். இதுக்கு மேல ஒரு மனுஷி என்னத்தைச் சரிபார்ப்பா? "பழைய சிம்மை என்ன தம்பி பண்ணுவீங்க?"ன்னு கேட்டேன். "அதை உடைச்சுப் போட்டுடுவோம் அக்கா, இனி அது உங்க நம்பர்"னான். 14,500-ஐயும் யுபிஐல போட்டேன்.

கோட் நாலு நாள்தான் செல்லும்னு சொன்னான், அதுவும் உண்மைதான். மறுநாள் காலையிலேயே ஷோரூம் போயிட்டோம். ஆதார், போட்டோ, கைரேகை எல்லாம் முடிஞ்சு புது சிம் குடுத்தாங்க. மூணு வேலை நாள்ல பழைய சிம் செத்து இது உயிர் வரும்னாங்க. சந்தோஷத்துல ஸ்டிக்கருக்கும் அன்னிக்கே ஆர்டர் குடுத்தாச்சு.

சிம் உயிர் வரவே இல்ல. ஷோரூம் போய்க் கேட்டா, கம்ப்யூட்டர்ல பார்த்துட்டு அந்தப் பொண்ணு, "கஸ்டமரே கேன்சல் பண்ணிட்டாங்க மேடம்"னா. எந்த கஸ்டமர்? நான்தானே கஸ்டமர்? அப்பதான் அது விளக்கிச் சொல்லுச்சு. போர்ட் போட்ட 24 மணி நேரத்துக்குள்ள, அதே நம்பர்லேர்ந்து CANCEL-னு போட்டு நம்பரோட 1900-க்கு ஒரு மெசேஜ் அனுப்பினா போதும், போர்ட்டிங் நின்னுடும். தப்பா போர்ட் போட்டவங்க திரும்பிப்போக வெச்ச வசதி அது. ஆனா அந்த மெசேஜை யாரால அனுப்ப முடியும்? பழைய சிம்மைக் கையில வெச்சிருக்கிறவனால மட்டும்தான். உடைச்சுப் போட்டுடுவோம்னு சொன்னானே, அந்த சிம்.

அந்தப் பொண்ணு இன்னொண்ணும் சொல்லுச்சு. "போர்ட்டிங்ங்கிறது ஒரே ஆள் கம்பெனி மாறுறதுக்கு மேடம். ஆள் மாறுறதுக்கு இல்ல. நம்பரை இன்னொருத்தர் பேருக்கு மாத்தணும்னா, அது எந்தக் கம்பெனியில இருக்கோ அங்க பேர் மாத்தணும். அவரும் நீங்களும் ஐடியோட வரணும்." அப்படின்னா கோட் என் கையில இருந்த நேரம் முழுக்க நம்பர் யாரோ ஒருத்தர் பேர்லதான் இருந்திருக்கு. 14,500 குடுத்து நான் வாங்கினது நம்பர் இல்ல, நாலு நாள் செல்லுற எட்டு எழுத்து.

வயிறு எரிஞ்சு அந்த நம்பருக்கே போன் போட்டேன். மாதவரம் பக்கம் வீட்டு மனை விக்கிற ஒருத்தர் எடுத்தார். அவரும் வேற ஒரு கடையில 22,000 குடுத்து வாங்கினாராம். கூட விலை குடுக்க ஆள் கிடைச்சதும் என் போர்ட்டை நிறுத்தியிருக்காங்கன்னுதான் நான் நினைக்கிறேன். அந்த மனுஷன் மேல எனக்குக் கோபம் இல்ல, அவரும் காசு குடுத்தவர்தான்.

கடைக்குப் போனா முதல்ல "சர்வர் பிரச்சனை அக்கா". அப்புறம் "எனக்கு மேல டீலர் இருக்கார், அவர் ஊர்ல இல்ல". அடுத்து "வேற நம்பர் தர்றேன், 3,000 மட்டும் சேர்த்துக் குடுங்க". மேல 3,000! குரலை உயர்த்தினதும் ஓனர் வந்து "பில் இருக்காம்மா?"ன்னார். இருந்த பில்லை நீட்டினேன். அதுல "ஆக்சஸரீஸ்"னு எழுதியிருக்கு, 14,500. ஃபேன்ஸி நம்பர்ங்கிற வார்த்தையே இல்ல. பணம் போன யுபிஐ பேரும் கடை பேர் இல்லையாம். "அந்த ஆளைக் கேளுங்க, எங்க கடைக்கு வரலை"ன்னு முகத்தைத் திருப்பிக்கிட்டார். பக்கத்துல நின்ன பையன், என்னை அக்கா அக்கான்னு கூப்பிட்டவன், தலையைக் குனிஞ்சு வேற யாருக்கோ ரீசார்ஜ் பண்ணிட்டிருந்தான்.

1930-க்குப் போன் பண்ணிப் புகார் குடுத்திருக்கேன், cybercrime.gov.in-லயும் போட்டாச்சு. யுபிஐ பரிவர்த்தனை எண் கேட்டாங்க, அதை அழிக்காம வெச்சிருங்க. 14,500 திரும்பினா இங்கேயே சொல்றேன்.

என்னென்ன பார்க்கணும்னு விரிவா எழுதத்தான் உக்காந்தேன், இப்ப முடியல. இதை மட்டும் பிடிச்சுக்கங்க. நல்ல நம்பர் வேணும்னா கம்பெனியோட சொந்த வெப்சைட்லயோ சொந்த ஷோரூம்லயோ கேளுங்க, பி.எஸ்.என்.எல். மின் ஏலத்துலயே விடுது. காசு கம்பெனிக்கு நேரா போகணும், ரசீதுல அந்த நம்பர் இருக்கணும். போஸ்ட்பெய்டு கட்டாயமா, குறைஞ்சது எத்தனை மாசம்னு பணம் கட்டுறதுக்கு முன்னாடியே கேட்டுடுங்க. கோட் மட்டும் குடுக்கிறேன்னு எவன் சொன்னாலும், சிம் எங்கன்னு கேளுங்க. "முதல்ல பேர் மாத்திக் குடு, அப்புறம் பணம்"னு சொல்லிப் பாருங்க. சிம் உங்க பேர்ல உயிர் வர்ற வரைக்கும் ஸ்டிக்கர், போர்டு எதுவும் அடிக்காதீங்க. வண்டியில பெயின்ட் அடிச்ச அந்த நாலு எட்டை இன்னிக்கு வீட்டுக்காரர் தின்னர் போட்டுத் துடைச்சிட்டிருக்காரு. புது ஸ்டிக்கருக்குத் தனியா காசு குடுக்கணும்.