ஆறு வருடமாக இன்சிடென்ஸ் அணி: ஒரு பயன்பாட்டு அனுபவம்

போன வாரம் அல்சூரில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது கூட வேலை செய்யும் தம்பி கேட்டார்: "அண்ணா, ஒவ்வொரு ரெசிஸ்டரையும் நேரா Y அணியில கூட்டிட்டா வேலை முடிஞ்சுது. நீங்க எதுக்கு இன்னும் A எழுதிப் பெருக்கிட்டு இருக்கீங்க?"

நியாயமான கேள்வி. பவர் சப்ளை வடிவமைப்புக்காக ஆறு வருடம் முன்பு நானே எழுதிய சிறு புரோகிராமை இன்றும் பயன்படுத்துகிறேன். அதன் முதல் வேலை, சுற்றை வரைபடமாக்கி, எந்தக் கிளை எந்த முனைகளை இணைக்கிறது என்று சொல்லும் இன்சிடென்ஸ் அணி A-ஐ எழுதுவது. கிரவுண்டைத் தவிர ஒவ்வொரு முனைக்கும் ஒரு வரிசை, ஒவ்வொரு கிளைக்கும் ஒரு நிரல். கிளை புறப்படும் முனையில் +1, சேரும் முனையில் -1.

அன்று டீக்கடையில் காகிதத்தில் போட்டுக் காட்டிய கணக்கு இது. 12 வோல்ட் மூலமும் அதோடு தொடராக 2 ஓமும் முனை 1-க்கும் கிரவுண்டுக்கும் இடையே. முனை 1-லிருந்து கிரவுண்டுக்கு 6 ஓம், 1-லிருந்து 2-க்கு 2 ஓம், 2-லிருந்து கிரவுண்டுக்கு 4 ஓம்.

```python
import numpy as np
A = np.array([[1, 1,  1, 0],
              [0, 0, -1, 1]])
G = np.diag([1/2, 1/6, 1/2, 1/4])
E = np.array([12, 0, 0, 0])
e = np.linalg.solve(A @ G @ A.T, A @ G @ E)
```

விடை 7.2, 4.8 வோல்ட். கையால் போட்டாலும் இதேதான் வரும். முனைகளில் மின்னோட்டக் கூட்டல் பூஜ்யம் என்பது A·i = 0. முனை மின்னழுத்தங்கள் e என்றால் கிளை மின்னழுத்தம் v = Aᵀ·e. கிளை விதி i = G(v − E); G-யில் ஒவ்வொரு கிளையின் 1/ஓம் மதிப்பு, E-யில் மூலத்தின் வோல்ட். மூன்றையும் சேர்த்தால் மேலே உள்ள கடைசி வரி கிடைத்துவிடும். அதில் வரும் A·G·Aᵀ-தான் தம்பி சொன்ன Y. குறி பற்றிய முடிவை A எழுதும்போது ஒரே ஒரு முறை எடுத்தால் போதும்.

ஆனால் நான் இதை விடாமல் வைத்திருப்பதற்குக் காரணம் அது இல்லை. ஒரு தனிமைப்படுத்தப்பட்ட சப்ளையில் பட்ட பாடு. டிரான்ஸ்ஃபார்மரின் முதன்மைப் பக்கத்தில் கிரவுண்டோடு சேர்த்து நான்கு முனைகள், இரண்டாம் பக்கத்தில் மூன்று. இரண்டு பக்கத்துக்கும் நடுவே ஒரு கம்பிகூட இல்லை. அப்போது நானும் தம்பி சொல்வதுபோல Y-ஐ நேராகக் கூட்டித்தான் பார்த்தேன். வெளியீட்டின் இரு முனைகளுக்கு இடையே சரியாக 5 வோல்ட் வந்தது. ஆனால் தனித்தனியாகப் பார்த்தால் ஒரு முனை -37 வோல்ட், இன்னொன்று -32. ஒரு ரெசிஸ்டரின் மதிப்பைத் துளி மாற்றியதும் இரண்டும் நூறைத் தாண்டின. வித்தியாசம் மட்டும் 5-லேயே நின்றது. இரண்டு நாள் மதிப்புகளைத் துருவினேன். தவறு மதிப்புகளில் இல்லவே இல்லை.

இரண்டாம் பக்கத்துக்கு ஆதார முனை கிடையாது. எல்லா முனைகளையும் ஒரே அளவு உயர்த்தினாலும் சமன்பாடு மாறாது, அதனால் Y தலைகீழாக்க முடியாத அணி. தீர்க்கும்போது வகுக்கும் இடத்தில் சரியான பூஜ்யம் விழுந்திருந்தால் புரோகிராம் `Singular matrix` என்று நின்றிருக்கும். 1/3, 1/7 போன்ற பின்னங்களைத் தோராயமாக்கும்போது பூஜ்யத்துக்குப் பதில் ஒரு மிகச் சிறிய எண் மிஞ்சுகிறது. அதால் வகுத்த குப்பைதான் அந்த -37. எந்த எச்சரிக்கையும் வரவில்லை. இன்று நினைத்தாலும் கோபம் வருகிறது.

A-யில் இருப்பதெல்லாம் 0, +1, -1 மட்டும். ஓம் மதிப்பு எதுவும் அதில் இல்லை. அதனால் அதன் தரம், அதாவது ஒன்றையொன்று சாராத வரிசைகளின் எண்ணிக்கை, சுற்றின் வடிவத்தை மட்டுமே சொல்லும்: மொத்த முனைகளிலிருந்து தனித்தனித் துண்டுகளின் எண்ணிக்கையைக் கழித்தது. ஏழு முனையும் ஒரே துண்டாக இருந்தால் தரம் 6. என் சுற்றில் `np.linalg.matrix_rank(A)` 5 என்றது. அந்த ஒற்றை எண்ணிலேயே நோய் தெரிந்துவிட்டது. Y-ஐ மட்டும் வைத்துக்கொண்டால், கெட்டது வடிவமா மதிப்பா என்று பிரித்துச் சொல்ல வழியில்லை.

தீர்வு எளிது. ஒவ்வொரு துண்டிலும் ஒரு முனையை ஆதாரமாக்கி அதன் வரிசையை நீக்க வேண்டும். இரு பக்கத்தையும் ஒரே ஒரு கம்பியால் இணைப்பதற்கு இது சமம். திரும்பி வர வழியில்லாததால் அந்தக் கம்பியில் மின்னோட்டம் ஓடாது; விடையும் கெடாது.

இவ்வளவும் சொல்லிவிட்டு, தம்பியிடம் என் புரோகிராமை எடுக்காதே என்றுதான் சொன்னேன். அவர் சுற்று முழுக்க உள்மின்தடை இல்லாத வோல்டேஜ் மூலங்கள். G-யில் அவற்றுக்கு எழுத எண் கிடையாது. நான் இத்தனை வருடமும் மைக்ரோ ஓம் போட்டு ஒப்பேற்றி, விடையில் கடைசி இலக்கங்களைப் பறிகொடுத்துக்கொண்டிருக்கிறேன். மூலத்தின் மின்னோட்டத்தையே இன்னொரு மாறியாகச் சேர்க்கும் முறையை ஹோ, ரூலி, பிரென்னன் மூவரும் 1975-லேயே வெளியிட்டுவிட்டார்கள். அவர் அதைத்தான் எழுத வேண்டும். தீர்ப்பதற்கு முன் A-யின் தரத்தை மட்டும் ஒரு வரியில் அச்சிடச் சொன்னேன்.