நோக்க அறிக்கை: குடும்பக் கதையா, களக் கேள்வியா?

வெளிநாட்டில் வேளாண் முதுகலைக்கு விண்ணப்பிக்கும் சிற்றூர்ப் பட்டதாரி, நோக்க அறிக்கையை இரண்டு விதமாகத் தொடங்கலாம். "விவசாயக் குடும்பத்தில் பிறந்தேன், மண்ணை நேசிக்கிறேன்" என்பது ஒன்று. பொய்யில்லை, ஆனால் இந்தப் பத்தியை எந்தப் பல்கலைக்கழகத்துக்கும் அனுப்பலாம், அதுதான் கோளாறு.

மற்றது: "இறுதியாண்டுத் திட்டத்தில் ஜிப்சம் இட்டும் பயிர் தேறவில்லை. மண்ணின் மின்கடத்துத்திறனை அளந்தோம். சோடியத்தின் பங்கை அளக்கவில்லை." மின்கடத்துத்திறன் காட்டுவது மண்ணில் கரைந்துள்ள மொத்த உப்பை மட்டும். ஜிப்சம் திருத்துவது சோடியம் மிகுந்த களர் மண்ணை. வெறும் உவர் மண்ணுக்கு நல்ல நீர் பாய்ச்சி உப்பைக் கரைத்து வடிக்க வேண்டும். இந்த வேறுபாட்டில் இடறி எழுந்தவர் என்பது பேராசிரியருக்கு உடனே புரியும். மண் வேதியியல் பாடமும் ஆய்வகமும் ஏன் தேவை என்பதற்கான காரணமும் அங்கேயே கிடைத்துவிடுகிறது. எனவே என் தேர்வு இரண்டாவதுதான். குடும்ப நிலத்தைச் சொல்லியே ஆக வேண்டுமென்றால், சோதனை நடந்த இடமாக ஒரு வரி போதும்.