24 மி.மீ., 28 மி.மீ., 13 மி.மீ.: குழுப் படத்துக்கு எந்த லென்ஸ்?

பத்துப் பேரை ஒரே வரிசையில் நிறுத்திப் படம் எடுத்தால் நடுவில் இருப்பவர்கள் இயல்பாகத் தெரிவார்கள். இரு ஓரத்திலும் இருப்பவர்களுக்கு மட்டும் தலை பக்கவாட்டில் அகன்று, கன்னம் உப்பி, தோள் பருத்துவிடும். பழி லென்ஸ் மேல் விழும். "புது போனில் 1x இப்படித்தான் இழுக்கிறது, பழைய போன் எவ்வளவோ தேவலை" என்று பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். இதில் பாதிதான் உண்மை. மீதியை அளந்தே பார்த்துவிடலாம்.

முதலில் அந்த மி.மீ. எண். போனில் இருக்கும் மெயின் லென்ஸின் உண்மையான குவியத்தூரம் பத்து மி.மீ.க்கும் குறைவாகத்தான் இருக்கும். பெட்டியில் போடும் 24 என்பது, பழைய 35 மி.மீ. ஃபிலிம் கேமராவில் இதே பரப்பைக் காட்ட எந்த லென்ஸ் மாட்ட வேண்டியிருக்கும் என்பதைச் சொல்லும் ஒப்பீட்டு எண். எண் சிறிதானால் பார்வை அகலம். ஐபோன் 7-இல் மெயின் கேமரா 28 ஆக இருந்தது. 2018-இன் XS-இல் 26 ஆனது, 2022-இன் 14 ப்ரோவில் 24 ஆனது. மற்ற பெரிய போன்களிலும் இன்று பெரும்பாலும் 23 முதல் 26 வரைதான். அதாவது நாம் கேட்காமலேயே 1x அகன்றுகொண்டு வந்திருக்கிறது.

இந்த எண்ணிலிருந்து ஃப்ரேமுக்குள் எவ்வளவு அகலம் அடங்கும் என்று கணக்கிடலாம். போன் படம் 4:3 வடிவம் என்பதால், படுக்கவசமாகப் பிடிக்கும்போது கணக்கு இது:

```
அகலம் = தூரம் × 34.6 ÷ மி.மீ.
```

இப்போது ஓர் அறையை எடுத்துக்கொள்வோம். பத்துப் பேர் தோளோடு தோள் நின்றால் ஆளுக்கு 45 செ.மீ. வீதம் நாலரை மீட்டர். இரு பக்கமும் கால் மீட்டர் இடைவெளி விட்டால் ஐந்து மீட்டர். இதை ஃப்ரேமில் அடக்க 28 மி.மீ. லென்ஸுக்கு 4.05 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். 26-க்கு 3.76, 24-க்கு 3.47. 0.5x பொத்தானில் வரும், அல்ட்ரா-வைட் எனப்படும் 13 மி.மீ.க்கு 1.88 மீட்டரே போதும். 28-க்கும் 24-க்கும் உள்ள வித்தியாசம் 58 செ.மீ., ஒரு பெரிய காலடி. திறந்த வெளியில் அது ஒன்றுமில்லை. ஆனால் படம் எடுப்பவர் முதுகைச் சுவரில் ஒட்டியும் 3.6 மீட்டருக்கு மேல் போக முடியாத அறையில், அந்த ஒரு காலடிதான் எல்லாம். 28-இல் 4.45 மீட்டர்தான் தெரியும், இரண்டு ஓரத்துத் தோள்களும் வெட்டுப்படும். 24-இல் 5.2 மீட்டர் தெரியும், பத்துப் பேரும் வசதியாக உள்ளே. இந்த ஒரு காரணத்துக்காகவே, வீட்டுக்குள் எடுக்கும் குழுப் படத்துக்கு 24 நல்ல தேர்வு என்பேன்.

அப்படியானால் ஓரத்து முகம் இழுபடுவது? நேர்கோடுகளை நேராகவே காட்டும் எந்த லென்ஸிலும் உருண்டையான பொருள் ஓரத்துக்குப் போகப் போக நீளும். சுவரில் மாட்டிய தட்டையான படம் நீளாது, தலை நீளும். எவ்வளவு நீளும் என்பது அந்த ஆள் கேமராவின் நேர்கோட்டிலிருந்து எத்தனை டிகிரி விலகி நிற்கிறார் என்பதைப் பொறுத்தது. பத்துப் பேர் வரிசையின் கடைசித் தலை நடுவிலிருந்து ஏறத்தாழ இரண்டு மீட்டர் தள்ளி இருக்கும். 28 கேட்கும் 4.05 மீட்டரில் நின்றால் அந்தத் தலை உயரத்தைவிட அகலத்தில் 12 சதவீதம் கூடுதலாக விழும். 24 கேட்கும் 3.47 மீட்டரில் 16 சதவீதம். 13-ஐ நம்பி 1.88 மீட்டருக்கு நெருங்கினால் 47 சதவீதம். அது முகமே அல்ல.

இதில் எங்குமே லென்ஸ் நேரடியாக வரவில்லை என்பதைக் கவனியுங்கள். 3.6 மீட்டரிலிருந்து எடுத்தால் 13 ஆனாலும் 24 ஆனாலும் ஓரத்துத் தலை ஒரே 15 சதவீதம்தான் நீளும். லென்ஸ் தீர்மானிப்பது, ஃப்ரேமை நிரப்ப நாம் எவ்வளவு நெருங்குவோம் என்பதை மட்டுமே. அகன்ற லென்ஸ் கையில் இருந்தால் கால் தானாக முன்னே போகிறது. அங்கேதான் படம் கெடுகிறது.

ஆகவே இடம் இருக்கும்போது 24-ஐ 28 போல நடத்தலாம். 4.05 மீட்டருக்குப் பின்வாங்கி, வரிசையின் இரு பக்கமும் ஃப்ரேமின் அகலத்தில் 7 சதவீதம் கூடுதல் காலியிடம் விட்டு எடுத்து, பிறகு க்ராப் செய்தால் கிடைப்பது 28 மி.மீ. படமேதான். பிக்சல்களில் 73 சதவீதம் மிஞ்சும், கண்ணுக்குப் பெரிதாகத் தெரியாது. 28-ஐ 24 ஆக்க முடியாது. அதே உத்தியை 13-இல் செய்தால், 24-க்கு இணையான படத்துக்கு 29 சதவீதப் பிக்சல்தான் மிஞ்சும். அந்த லென்ஸின் பின்னால் இருக்கும் சென்சாரும் பெரும்பாலும் சிறியது. அறைக்குள் முகங்கள் மழுங்கிப் போகும். வேறு வழியே இல்லாதபோது மட்டும் 0.5x.

2x பொத்தான் வேறு கதை. 14 ப்ரோ போன்ற போன்களில், 48 மெகாபிக்சல் சென்சாரின் நடுப்பகுதியை மட்டும் எடுத்துக் கொடுப்பது அது. 48 மி.மீ.க்கு இணை. பத்துப் பேர் ஒற்றை வரிசைக்கு ஏழு மீட்டர் கேட்கும். திறந்த வெளியில் நான் முதலில் தொடுவது இதைத்தான். ஓரத்தில் 4 சதவீதம் மட்டுமே நீட்சி.

அறைக்குள் எனக்குப் பிடித்தது லென்ஸை மாற்றுவதல்ல, வரிசையை மாற்றுவது. அதே பத்துப் பேரில் ஐவரை உட்கார வைத்து, ஐவரை 60 செ.மீ. பின்னே நிறுத்தினால் அகலம் 2.25 மீட்டராகக் குறைகிறது. 3.6 மீட்டரில் 2x-இலேயே அடங்கிவிடும், ஓரத்து நீட்சி 3 சதவீதத்துக்கு இறங்கிவிடும். இதற்கு ஒரு விலை உண்டு: முன்வரிசைத் தலைகள் பின்வரிசையைவிட 17 சதவீதம் பெரிதாகத் தெரியும். இதே குழுவை 1x-இல் ஃப்ரேம் நிரம்பும்வரை இரண்டு மீட்டருக்கு நெருங்கி எடுத்தால் அது 30 சதவீதம் ஆகிவிடும். பின்னால் நிற்பவர்கள் எங்கோ தூரத்தில் நிற்பது போல இருக்கும்.

ஒற்றை வரிசைதான் வேண்டும் என்றால் ஓரத்தில் நிற்பவர்களை முன்னே வளைத்துப் பிறை போல நிறுத்தாதீர்கள். அவர்கள் கேமராவுக்கு நெருங்குகிறார்கள், கோணமும் கூடுகிறது, இரண்டும் சேர்ந்து ஊதிக் காட்டும். நேர்வரிசை போதும், ஓரத்தவர் அரையடி பின்வாங்கினால் இன்னும் நல்லது.

உங்கள் போனின் எண்ணை நீங்களே சரிபார்க்கலாம். சுவரிலிருந்து சரியாக 2 மீட்டரில், சுவருக்கு நேராக, போனைப் படுக்கவசமாகப் பிடித்து, 4:3-இல் ஃப்ரேமின் இரு விளிம்பும் சுவரில் விழும் இடத்தை ஒருவரைக் குறிக்கச் சொல்லுங்கள். இடைவெளியை அளந்து, 69.2-ஐ அந்த மீட்டரால் வகுங்கள். 2.88 மீட்டர் வந்தால் 24, 2.47 வந்தால் 28. பிறகு வீடியோவுக்கு மாற்றி அதே குறிகளைப் பாருங்கள். பல போன்களில், அதிர்வைச் சமன்செய்ய விளிம்பு வெட்டப்படுவதால் குறிகள் ஃப்ரேமுக்கு வெளியே போயிருக்கும். படத்தில் அடங்கிய வரிசை வீடியோவில் அடங்காமல் போவது இதனால்தான்.