காஸ்ப்பா, ஜேபிஐயா? ஒரே செவிலியர் ஆய்வை இரண்டு செக்லிஸ்டும் எப்படிப் பார்க்கின்றன

எம்.எஸ்சி. நர்சிங் மாணவர்கள், எண்களை அல்லாமல் ஆட்கள் சொன்னதை வைத்து எழுதப்படும் ஒரு குவாலிடேட்டிவ் கட்டுரையை மதிப்பிட உட்காரும்போது பெரும்பாலும் கையில் எடுப்பது காஸ்ப் பட்டியல். இங்கிலாந்தில் உருவானது, பத்துக் கேள்விகள் கொண்டது, படித்த உடனே புரியும். அதற்குப் போட்டியாக இருப்பது ஆஸ்திரேலியாவின் அடிலெய்டிலிருந்து வரும் ஜேபிஐ பட்டியல். அதிலும் பத்துக் கேள்விகள்தான். இரண்டில் எதை எடுத்தாலும் ஒன்றுதான் என்று பலர் நினைக்கிறார்கள். கிரெடிபிலிட்டி, டிரான்ஸ்ஃபரபிலிட்டி என்ற இரண்டை மட்டும் வைத்துப் பார்த்தால்கூட அப்படி இல்லை என்பது தெரிந்துவிடும்.

ஆய்வு முறை அறிஞர்களான லிங்கனும் கூபாவும் 1985-இல் முன்வைத்த சொற்கள் இவை. ஆய்வாளர் சொல்லும் முடிவு, பங்கேற்றவர்கள் சொன்னதிலிருந்து உண்மையிலேயே எழுந்ததுதானா என்பது கிரெடிபிலிட்டி. அந்த முடிவு வேறொரு வார்டுக்கும் பொருந்துமா என்பது டிரான்ஸ்ஃபரபிலிட்டி.

ஒரு மாதிரிக் கட்டுரையை வைத்துப் பார்ப்போம். இது பயிற்சிக்காக நான் உருவாக்கியது, வெளியான ஆய்வு அல்ல. இங்கிலாந்தில் ஒரு மருத்துவமனையின் ஐசியுவில் வேலை செய்யும் 14 செவிலியர்களிடம், நோயாளியின் குடும்பத்தார் பராமரிப்பில் பங்கெடுப்பது பற்றிப் பேட்டி எடுத்திருக்கிறார்கள். பேட்டி எடுத்தவர் அந்த வார்டின் மேலாளர். தத்துவ அறிஞர் ஹைடெக்கர் வழி வந்த, ஒருவரின் அனுபவத்துக்கு என்ன பொருள் என்று ஆராயும் பினாமினாலஜி முறை என்று கட்டுரை சொல்கிறது. இரண்டு பேர் தனித்தனியே கோடிங் செய்து, அதாவது பேட்டியின் வரிகளுக்குப் பொருள் சார்ந்த குறியீடு கொடுத்து, இருவருக்கும் எவ்வளவு ஒத்துப்போனது என்பதைக் காப்பா மதிப்பாகக் கொடுத்திருக்கிறார்கள். எழுத்தாக்கிய பேட்டிகளைச் செவிலியர்களிடமே திருப்பிக் காட்டி ஒப்புதல் வாங்கியிருக்கிறார்கள். 'குடும்பம் கூட இருப்பது செவிலியருக்குத் துணை' என்பது முக்கிய முடிவு.

முதலில் காஸ்ப். அதன் ஒன்பதாவது கேள்வி, முடிவுகள் தெளிவாகச் சொல்லப்பட்டிருக்கின்றனவா என்பது. அதன் கீழே உள்ள குறிப்புகளில் ஒன்று, கிரெடிபிலிட்டி பற்றி ஆய்வாளர் பேசியிருக்கிறாரா என்று பார்க்கச் சொல்கிறது. பங்கேற்றவர்களிடம் திருப்பிக் காட்டுவது, ஒன்றுக்கு மேற்பட்டவர் பகுப்பாய்வு செய்வது ஆகியவற்றை உதாரணமாகத் தருகிறது. நம் கட்டுரையில் இரண்டும் இருக்கின்றன. அவசரமாகப் படிக்கும் மாணவர் 'ஆம்' என்று குறித்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுவார்.

ஜேபிஐ வேறு மாதிரி கேட்கிறது. அதன் முதல் ஐந்து கேள்விகளும் இசைவைப் பற்றியவை: தத்துவப் பார்வை, ஆய்வு முறை, கேள்வி, தரவு சேகரிப்பு, பகுப்பாய்வு, விளக்கம் இவையெல்லாம் ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றனவா? நான்காவது கேள்வியில் நம் கட்டுரை மாட்டிக்கொள்ளும். ஹைடெக்கர் வழியில் போகிறவருக்கு, ஆய்வாளரின் முன்னறிவு என்பது ஒதுக்கிவைக்க முடியாதது. அதுவும் சேர்ந்துதான் பொருள் உண்டாகிறது. காப்பா மதிப்போ, ஒவ்வொரு வரிக்கும் சரியான குறியீடு ஒன்றே உண்டு, இருவர் அதையே தொட்டால் நம்பலாம் என்ற எண்ணத்தில் நிற்கிறது. இரண்டையும் ஒரே கட்டுரையில் எந்த விளக்கமும் இல்லாமல் வைத்தால், ஆய்வு முறையின் பெயர் வெறும் பெயராகத்தான் ஒட்டப்பட்டிருக்கிறது என்று சந்தேகப்பட வேண்டும். ஆக, காஸ்பில் 'ஆம்' வாங்கித் தந்த அதே வேலை, ஜேபிஐயில் 'இல்லை' வாங்கித் தருகிறது. இந்த இடத்தில் நான் ஜேபிஐ பக்கம்தான்.

அடுத்தது மேலாளர் விஷயம். காஸ்பின் ஆறாவது கேள்வி ஆய்வாளருக்கும் பங்கேற்பாளருக்கும் உள்ள உறவைக் கேட்கிறது. ஜேபிஐ அதை இரண்டாகப் பிரிக்கிறது: ஆய்வாளர் எங்கிருந்து பேசுகிறார் என்று சொல்லியிருக்கிறாரா (ஆறு), ஆய்வின் மேல் அவருடைய தாக்கமும் அவர் மேல் ஆய்வின் தாக்கமும் பேசப்பட்டிருக்கிறதா (ஏழு). 'நான் 15 ஆண்டு அனுபவமுள்ள செவிலியர்' என்று ஒரு வரி எழுதியிருந்தால் ஆறாவதுக்கு 'ஆம்' போடலாம். ஏழாவதுக்கு அது போதாது. டியூட்டி போடுகிற மேலாளரிடம், 'சொந்தக்காரர்கள் எங்களுக்கு இடைஞ்சல்' என்று எத்தனை பேர் வாய்விட்டுச் சொல்வார்கள்? எழுத்தாக்கிய பேட்டியைப் பார்த்து 'சரி' என்றதும் அதே மேலாளரிடம்தானே. அந்த ஒப்புதலால் சொன்னது சரியாகப் பதிவாகியிருக்கிறது என்பது உறுதியாகிறது. சொல்லாமல் விட்டது என்ன என்பது அதில் தெரியாது.

குரல்கள் பற்றிய ஜேபிஐயின் எட்டாவது கேள்விக்கு ஒரு எளிய வேலை இருக்கிறது. மேற்கோள்களுக்குப் பக்கத்தில் உள்ள பங்கேற்பாளர் எண்களை ஒரு தாளில் எழுதி எண்ணுங்கள். நம் கட்டுரையில் 16 மேற்கோள்களில் 9 ஒரே செவிலியருடையவை. ஆறு பேரின் குரலே இல்லை. அப்புறம், முடிவுக்கு எதிராகப் பேசும் மேற்கோள் ஒன்றாவது இருக்கிறதா என்று தேடுங்கள். எதிர்மறைத் தரவைக் கணக்கில் எடுத்தார்களா என்பதைக் காஸ்ப் தன் எட்டாவது கேள்வியின் குறிப்பில் நேராகவே கேட்கிறது. அதேபோல், ஆட்களை எப்படித் தேர்ந்தார்கள், வர மறுத்தவர்கள் ஏன் மறுத்தார்கள் என்பதைக் காஸ்பின் நான்காவது கேள்வி விசாரிக்கிறது. ஜேபிஐயில் இதற்கென்று தனிக் கேள்வியே கிடையாது. மேலாளரே தன் வார்டில் ஆள் சேர்த்த ஆய்வில் இது சின்னக் குறை அல்ல. அதனால் ஜேபிஐ எடுத்தாலும் காஸ்பின் நான்காவது கேள்வியை நான் விடமாட்டேன்.

32 அம்சங்கள் கொண்ட கோரெக் பட்டியலையும் சிலர் இதற்குப் பயன்படுத்துகிறார்கள். 2007-இல் வந்த அது, ஒரு கட்டுரையில் என்னென்ன எழுதியிருக்க வேண்டும் என்று சொல்வது. எல்லாவற்றையும் எழுதிய மோசமான ஆய்வும் உண்டு.

டிரான்ஸ்ஃபரபிலிட்டியில் இரண்டு பட்டியலும் நம்மைப் பாதி வழியில் விட்டுவிடுகின்றன. ஜேபிஐயின் பத்துக் கேள்விகளில் அது நேராக இல்லவே இல்லை. காஸ்ப் பத்தாவது கேள்வியின் குறிப்பில், பிற மக்களுக்கு முடிவுகள் பொருந்துமா என்று ஆய்வாளர்கள் பேசியிருக்கிறார்களா என்று கேட்கிறது. கட்டுரையின் கடைசியில் 'பிற ஐசியுக்களுக்கும் பயன்படலாம்' என்று ஒரு பத்தி எழுதினால் அதற்கு 'ஆம்' கிடைத்துவிடும். லிங்கனும் கூபாவும் சொன்னது வேறு: இடத்தையும் ஆட்களையும் விரிவாக வர்ணிப்பது ஆய்வாளரின் பொறுப்பு, பொருந்துமா என்று தீர்மானிப்பது அதைத் தன் இடத்தில் பயன்படுத்தப் போகிறவரின் வேலை.

எனவே பட்டியலை முடித்தபின் தனியாக ஒரு பத்தி எழுத வேண்டும். நம் மாதிரியில், தமிழ்நாட்டு அரசு மருத்துவமனை வார்டில் இருக்கும் ஒரு செவிலியர் படிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். இங்கிலாந்தின் ஐசியுவில் வென்டிலேட்டரில் இருக்கும் நோயாளிக்கு ஒரு செவிலியர் என்பது வழக்கமான அளவு. அங்கே குடும்பத்தார் பார்க்க வருகிறவர்கள். முகம் துடைப்பது, கையைப் பிடித்துக்கொண்டிருப்பது அவர்கள் விரும்பினால் செய்வது. இங்கே பொது வார்டில் கூட இருக்கும் உறவினர், உணவு ஊட்டுவதிலிருந்து வெளியே போய் மருந்து வாங்கி வருவதுவரை செய்கிறார். விருப்பத்தால் மட்டும் இல்லை, வேறு ஆள் இல்லாததாலும்தான். 'துணை' என்ற முடிவு எந்தச் சூழலில் பிறந்ததோ அந்தச் சூழல் இங்கே இல்லை. அதே கட்டுரையில், கெட்ட செய்தியைச் சொல்லும் நேரத்தில் குடும்பத்தாரின் முகத்தைப் பார்க்கச் செவிலியர்கள் தயங்கினார்கள் என்று ஒரு சிறு தீம் இருந்தால், அது ஆள் எண்ணிக்கையை அவ்வளவாகச் சார்ந்தது அல்ல. இங்கேயும் பொருந்த வாய்ப்பு அதிகம். ஒரு கட்டுரை முழுவதற்கும் 'பொருந்தும்' என்றோ 'பொருந்தாது' என்றோ எழுதாமல், ஒவ்வொரு தீமுக்கும் தனித்தனியே எழுதச் சொல்வது இதனால்தான்.

இரண்டு பட்டியலிலும் 'ஆம்'களைக் கூட்டிப் பத்துக்கு ஏழு, பத்துக்கு எட்டு என்று மதிப்பெண் போடும் பழக்கம் இருக்கிறது. மேலே பார்த்த கட்டுரை காஸ்பில் எட்டு வாங்கிவிடும். மேலாளர் பேட்டி எடுத்ததற்கு ஒரு மதிப்பெண்தான் குறையும், ஆனால் முக்கிய முடிவையே அது கேள்விக்குள்ளாக்குகிறது. ஒவ்வொரு கேள்விக்கும் ஆம், இல்லை, தெரியவில்லை என்பதோடு, கட்டுரையின் எந்தப் பக்கத்தை வைத்து அப்படிச் சொல்கிறோம் என்று ஒரு வரி எழுதுங்கள். ஜர்னல் கிளப்பில் இருவர் வேறுவேறு விடை போட்டால், விவாதத்தை அந்த வரியிலிருந்து தொடங்கலாம்.