முழங்கால் வலிக்கு மாத்திரையா, ஜெல்லா?

அறுபது வயதைக் கடந்த, பிரஷருக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை எடுத்துவரும் ஒரு பெண்ணுக்கு இரண்டு முழங்கால்களிலும் தேய்மான வலி இருப்பதாக எடுத்துக்கொள்வோம். காலையில் எழுந்ததும் சில நிமிடங்கள் மூட்டு பிடித்துக்கொள்கிறது. நடக்க நடக்கச் சரியாகிறது. மாடிப்படி இறங்கும்போதும் தரையில் உட்கார்ந்து எழும்போதும் வலி கூடுகிறது. மருந்துக்கடையில் கேட்டால் அசெக்ளோபெனாக் 100 மி.கி.யும் பாராசிட்டமால் 325 மி.கி.யும் சேர்ந்த மாத்திரை ஓர் அட்டை கிடைக்கும், அல்லது டைக்ளோபெனாக் ஜெல் ஒரு ட்யூப் கிடைக்கும். இந்த இரண்டில் அவருக்கு எது பொருந்தும், எதுவரை பொருந்தும் என்பதை மட்டும் இங்கே பார்க்கலாம்.

இரண்டும் வேலை செய்யும் வழி ஒன்றே. மூட்டில் வலியையும் வீக்கத்தையும் தூண்டும் புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருள் உருவாவதை அவை குறைக்கின்றன. சிக்கல் என்னவென்றால், அந்தப் பொருளுக்கு உடலில் வேறு வேலைகளும் உண்டு. இரைப்பையின் உட்சுவர் அமிலத்தால் அரிக்கப்படாமல் இருப்பதற்கும், சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தம் குறையாமல் இருப்பதற்கும் அது தேவைப்படுகிறது. விழுங்கிய மாத்திரை ரத்தத்தில் கலந்து முழங்காலுக்குச் செல்வதைப் போலவே இரைப்பைக்கும் சிறுநீரகத்துக்கும் செல்கிறது. ஆகவே மாத்திரையின் பலனும் தீங்கும் ஒரே செயலின் இரண்டு முகங்கள். ஒன்றைத் தவிர்த்துவிட்டு மற்றொன்றை மட்டும் பெற முடியாது.

சாப்பாட்டுக்குப் பிறகு எடுத்தால் வயிற்றுக்கு ஒன்றும் ஆகாது என்ற நம்பிக்கை நம்மிடையே ஆழமாக இருக்கிறது. உணவுக்குப் பின் எடுப்பதால் வயிற்று எரிச்சல் குறையலாம். ஆனால் புண் உண்டாவது பெரிதும் ரத்தத்தின் வழியாக நடப்பதால், வயிறு நிறைந்திருப்பது முழுப் பாதுகாப்பாகாது. இதே மருந்தை ஊசியாகப் போட்டாலும் அந்த அபாயம் இருக்கிறது. கூடவே கொடுக்கப்படும் பான்டோபிரசோல், ஒமிபிரசோல் போன்ற 'கேஸ் மாத்திரைகள்' இரைப்பையை உண்மையிலேயே காக்கின்றன. ஆனால் சிறுநீரகத்துக்கும் இதயத்துக்கும் அவற்றால் எந்தக் காப்பும் இல்லை. வயதானவர்களில் புண் சில சமயம் வலியே இல்லாமல் வளர்ந்து, தார் போன்ற கறுப்பு மலமாகவோ ரத்த வாந்தியாகவோதான் முதன்முதலில் வெளிப்படும்.

நம் உதாரணத்துப் பெண்ணுக்கு இதைவிடப் பெரிய ஆபத்து, அவருடைய பிரஷர் மாத்திரையோடு வலி மாத்திரை சேர்வதில் இருக்கிறது. அது டெல்மிசார்டானும் ஹைட்ரோகுளோரோதயசைடும் சேர்ந்த மாத்திரை என்று வைத்துக்கொள்வோம். முதலாவது சிறுநீரக வடிகட்டிக்குள் இருக்கும் அழுத்தத்தைக் குறைக்கிறது, இரண்டாவது உடலில் இருந்து நீரை வெளியேற்றுகிறது. இவ்விரண்டோடு வலி மாத்திரையும் சேரும்போது, சிறுநீரகத்துக்குள் நுழையும் ரத்தக்குழாயும் சுருங்கி, வடிகட்டும் திறன் சட்டென்று குறைந்துவிடலாம். கோடை வெயிலில் தண்ணீர் குறைவாகக் குடித்த நாளிலோ, வயிற்றுப்போக்கு வந்த நாளிலோ இது இன்னும் எளிதாக நடக்கும். வெளியே தெரியும் அடையாளங்கள் மிகச் சாதாரணமானவை: மாலையில் கணுக்கால் வீங்குகிறது, சிறுநீர் குறைகிறது, இத்தனை நாள் கட்டுக்குள் இருந்த பிரஷர் காரணமில்லாமல் ஏறுகிறது. பிரஷர் மாத்திரை போதவில்லை என்று எண்ணி அதன் அளவைக் கூட்டுவதற்கு முன், நோயாளி வலி மாத்திரை ஏதும் எடுக்கிறாரா என்று கேட்டாலே பல நேரங்களில் காரணம் தெரிந்துவிடும். கிரியாட்டினின் பரிசோதனை, உள்ளே நடப்பதை இன்னும் தெளிவாகக் காட்டும்.

இதய நோயாளிகளின் நிலை வேறு. மாரடைப்பு, பக்கவாதம் வந்தவர்களும் இதயச் செயலிழப்பு உள்ளவர்களும் டைக்ளோபெனாக் மாத்திரை எடுக்கக் கூடாது என்று ஐரோப்பிய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2013இல் அறிவுறுத்தியது. வயிற்றுக்குக் குறைவான தீங்கு செய்யும் என்று கொடுக்கப்படும் எட்டோரிகாக்சிபும் இதய விஷயத்தில் பாதுகாப்பானதல்ல. பிரஷர் கட்டுக்குள் இல்லாதவர்களுக்கு அது கூடாது. இதயத்துக்காக தினமும் 75 மி.கி. ஆஸ்பிரின் எடுப்பவர் ஐபுப்ரோபெனையும் சேர்த்து எடுத்தால், வயிற்றில் ரத்தக்கசிவு அபாயம் கூடுவதோடு ஆஸ்பிரின் தரும் காப்பும் குறையக்கூடும்.

இனி ஜெல்லுக்கு வருவோம். 'பூசிப் பார்த்தேன், ஒன்றும் கேட்கவில்லை' என்பதே ஜெல்லைப் பற்றி அதிகம் கேட்கும் குறை. அந்தக் குறைக்குப் பெரும்பாலும் அளவுதான் காரணம் என்பது என் உறுதியான கருத்து. ஒரு சதவீத டைக்ளோபெனாக் ஜெல்லுக்கு அமெரிக்காவில் முழங்காலுக்குப் பரிந்துரைக்கப்படும் அளவு ஒரு வேளைக்கு 4 கிராம், நாளுக்கு நான்கு வேளை. கை மூட்டுகளுக்கு அதில் பாதி. நம் கடைகளில் கிடைக்கும் 1.16 சதவீத டைக்ளோபெனாக் டையெத்திலமின் என்பதும் அதே வலிமைதான். ஒரு வேளைக்கு 4 கிராம் என்றால் 30 கிராம் ட்யூப் ஏழெட்டு வேளைக்குத்தான் வரும். பட்டாணி அளவு எடுத்து, வலிக்கும்போது மட்டும் தடவி, ஒரு ட்யூபை ஒரு மாதத்துக்கு வைத்திருப்பவர் மருந்தின் மிகச் சிறிய பங்கையே பெறுகிறார். மாத்திரையை முழு அளவில் எடுத்துவிட்டு ஜெல்லைப் பத்தில் ஒரு பங்கு பூசிப் பார்த்து, மாத்திரைதான் கேட்கிறது என்று முடிவு செய்வது நியாயமான ஒப்பீடு அல்ல.

சரியான அளவில் பூசியபோது முழங்கால் தேய்மான வலியில் ஜெல்லும் மாத்திரையும் ஏறத்தாழ ஒரே அளவு நிவாரணம் தந்ததாகவே ஆய்வுகள் காட்டுகின்றன. ரத்தத்தில் சேரும் மருந்தோ மிகக் குறைவு: ஒரு முழங்காலில் நாளுக்கு 16 கிராம் பூசினாலும், 50 மி.கி. மாத்திரையை மூன்று வேளை விழுங்கும்போது சேர்வதில் சுமார் 6 சதவீதம்தான். அமெரிக்க வாத நோய் மருத்துவர் அமைப்பின் 2019ஆம் ஆண்டு வழிகாட்டியும் பிரிட்டனின் 2022ஆம் ஆண்டு வழிகாட்டியும் முழங்கால் தேய்மானத்துக்குப் பூச்சு மருந்தைப் பரிந்துரைக்கின்றன. அது போதாதபோது, அல்லது பொருந்தாதபோதுதான் மாத்திரை என்பது பிரிட்டன் வழிகாட்டி வகுத்த வரிசை.

ஆனால் ஜெல்லின் பலனை மிகைப்படுத்திச் சொல்லவும் கூடாது. ஆறு முதல் பன்னிரண்டு வாரம் வரை நடந்த ஆய்வுகளில், டைக்ளோபெனாக் பூசியவர்களில் நூற்றுக்குச் சுமார் 60 பேருக்கு வலி பாதியாகக் குறைந்தது. மருந்தில்லாத வெறும் ஜெல்லைப் பூசியவர்களிலும் சுமார் 50 பேருக்கு அப்படியே குறைந்தது. எனவே மருந்து தரும் கூடுதல் பலன் உண்மையானது என்றாலும் அடக்கமானது. அது தெரியவும் ஒரு வாரம்வரை ஆகலாம். மாத்திரையைப் போல ஒரு மணி நேரத்தில் எதிர்பார்க்கக் கூடாது. தோலுக்கு அருகில் இருக்கும் முழங்கால், விரல், மணிக்கட்டு ஆகியவற்றுக்குத்தான் ஜெல் ஏற்றது; தசைக்கு அடியில் ஆழத்தில் இருக்கும் இடுப்பு மூட்டுக்கு அது போய்ச் சேராது. விலையும் ஒரு தடைதான். இரண்டு முழங்கால்களுக்கும் முழு அளவு பூசினால் நாளுக்கு 32 கிராம், அதாவது ஒரு ட்யூபுக்கும் மேல் ஆகும். அதுவே உடல் முழுவதற்கும் சேர்த்து ஒரு நாளின் உச்ச வரம்பும் ஆகும். மிகவும் வலிக்கும் ஒரு முழங்காலுக்கு மட்டும், வேளைக்கு 2 முதல் 4 கிராம் வரை மூன்று வேளை, இரண்டு மூன்று வாரம் ஒழுங்காகப் பூசிப் பார்ப்பது பலருக்குக் கட்டுப்படியாகும் வழி.

பூசும்போது கவனிக்க வேண்டியவை சிலவே. காயமோ புண்ணோ உள்ள தோலில் பூசக் கூடாது. பூசிய இடத்தில் வெந்நீர் ஒத்தடமோ இறுக்கமான கட்டோ வேண்டாம். பிறகு கையைக் கழுவிவிட வேண்டும். நம் ஊர் ஜெல்கள் பலவற்றில் மெத்தில் சாலிசிலேட்டும் மென்தாலும் கலந்திருக்கின்றன. சுள்ளென்ற அந்த உணர்வு வலியை மறக்கச் செய்கிறதே தவிர, டைக்ளோபெனாக் வேலை செய்வதற்கான அடையாளம் அல்ல. ரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் எடுப்பவர்களுக்கு அந்த மெத்தில் சாலிசிலேட்டே தோல் வழியாகச் சேர்ந்து ரத்தக்கசிவை உண்டாக்கக்கூடும் என்பதால், அவர்கள் கேட்காமல் பூசக் கூடாது.

ஆகவே இந்தப் பெண்ணுக்கு ஜெல்லே முதல் தேர்வு. நாற்பது வயதில் வேறு நோயில்லாத ஒருவருக்கு, வலி கூடிய சில நாள்களுக்கு மட்டும், தேவைப்படும் மிகக் குறைந்த அளவில் மாத்திரை எடுப்பது ஏற்கத்தக்கதே. ஆனால் வெவ்வேறு பெயருள்ள இரண்டு வலி மாத்திரைகளைச் சேர்த்து எடுப்பது எந்த வயதிலும் பலனைக் கூட்டாமல் தீங்கை மட்டும் கூட்டும். ஒருவர் அசெக்ளோபெனாக் எழுதியிருக்க, இன்னொருவர் எட்டோரிகாக்சிப் எழுதியிருக்க, இரண்டும் ஒரே இனம் என்று தெரியாமல் இரண்டையும் விழுங்குவது நடக்கிறது. பெயர் அச்சிடாத காகிதப் பொட்டலத்தில் கலந்து தரப்படும் 'செட்' மாத்திரைகளை எந்த நிலையிலும் வாங்கக் கூடாது. மறுநாளே வலி பறந்துவிட்டதென்றால் அதில் ஸ்டீராய்டு இருக்க வாய்ப்புண்டு. அது சர்க்கரையை ஏற்றும், எலும்பைப் பலவீனமாக்கும்.

மாத்திரையோ ஜெல்லோ தேய்மானத்தைத் தடுப்பதில்லை. அதைவிட முக்கியம், எல்லா மூட்டுவலியும் தேய்மானம் அல்ல. காலையில் விரல் மூட்டுகள் அரை மணி நேரத்துக்கும் மேல் விறைத்திருந்து, இரு கைகளிலும் வீக்கம் வாரக்கணக்கில் நீடித்தால் அது முடக்குவாதமாக இருக்கலாம். அதற்கு மூட்டு சிதையாமல் காக்கும் தனி மருந்துகள் உண்டு. வலி மாத்திரையிலேயே மாதங்களைக் கடத்தினால் அந்த வாய்ப்பு நழுவிப்போகும். முழங்கால் திடீரென மடங்கி நழுவுவது, பூட்டியதுபோல நீட்ட முடியாமல் நிற்பது, ஓய்விலும் இரவிலும் விடாமல் வலிப்பது, உடல் எடை குறைவது ஆகியவற்றுக்கும் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

ஒரே மூட்டு சில மணி நேரத்திலோ ஓரிரு நாளிலோ சிவந்து, சூடாகி, அசைக்க முடியாமல் வீங்கினால், குறிப்பாகக் காய்ச்சலும் இருந்தால், அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். மூட்டுக்குள் சீழ் பிடித்திருந்தால் சில நாள்களிலேயே குருத்தெலும்பு அழிந்துவிடும். யூரிக் அமிலம் மூட்டில் படிவதால் வரும் கவுட்டும் இதே போலத் தோன்றும் என்பதால், மூட்டு நீரை எடுத்துப் பரிசோதித்தால்தான் இரண்டையும் உறுதியாகப் பிரித்தறிய முடியும். விழுந்த பின் காலை ஊன்ற முடியாவிட்டாலும் காத்திருக்கக் கூடாது. மழைக்காலத்தில் கடும் காய்ச்சலோடு உடம்பெல்லாம் மூட்டுவலி வந்தால், சிக்குன்குனியா என்று நாமே முடிவுசெய்து வலி மாத்திரை எடுப்பது ஆபத்து. அது டெங்குவாக இருந்தால் ரத்தக்கசிவு கூடும். டெங்கு இல்லை என்று உறுதியாகும்வரை உரிய அளவில் பாராசிட்டமால் மட்டுமே போதும்.

கறுப்பு மலம், ரத்த வாந்தி, மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, சிறுநீர் குறைதல், முகமோ காலோ வீங்குதல் ஆகியவற்றில் எது வந்தாலும் வலி மாத்திரையை உடனே நிறுத்திவிட்டு மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். மூன்று வாரம் ஒழுங்காக ஜெல் பூசியும் வலி குறையாதவரும், வாரத்தில் பாதி நாள்களுக்கு மேல் மாத்திரை தேவைப்படுபவரும் மருத்துவரிடம் செல்லும்போது, பிரஷர், சர்க்கரை மாத்திரைகள் உட்பட வீட்டில் உள்ள எல்லா அட்டைகளையும் ட்யூபையும் ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்வது நல்லது. அவற்றைப் பார்த்த பிறகுதான், மாத்திரையைத் தொடரலாமா, கிரியாட்டினினும் பிரஷரும் எத்தனை நாளுக்கு ஒருமுறை பார்க்க வேண்டும், தொடை முன்தசைக்கான பயிற்சியை எப்படித் தொடங்குவது என்பவற்றை அவரால் சொல்ல முடியும்.