ஐரிஸில் லேசர் துளையா, லென்ஸ் மாற்றமா?

கண்ணில் நீர் வடியும் கோணம் மூடிக் கண் அழுத்தம் ஏறும் நோய்க்கு இந்த இரண்டில் எது என்பதே கேள்வி. கண்ணுக்குள் நிமிடத்துக்குச் சுமார் 2 மைக்ரோலிட்டர் நீர் சுரக்கிறது. அது லென்ஸுக்கும், கண்ணின் நிறமுள்ள திரையான ஐரிஸுக்கும் நடுவே நுழைந்து, ஐரிஸின் நடுத் துளையான கண்பாப்பா வழியாக முன்னறைக்கு வந்து, கண்ணின் முன்பக்கத் தெளிந்த படலமான கார்னியாவும் ஐரிஸும் சேரும் கோணத்தில் உள்ள சல்லடையில் வடிகிறது. லென்ஸில் ஆயுள் முழுக்கப் புது இழைகள் சேர்வதால் அது தடிக்கிறது. தடித்த லென்ஸ் பாப்பாவை அடைத்தால், பின்னால் தேங்கும் நீர் ஐரிஸை முன்தள்ளிக் கோணத்தை மூடிவிடும். 10–21 மி.மீ. பாதரசமாக இருக்கவேண்டிய கண் அழுத்தம் திடீரென 50-ஐத் தாண்டலாம். கார்னியாவில் நீர் ஏறி, விளக்கைச் சுற்றி வானவில் வளையம் தெரிந்தால் அன்றே மருத்துவமனைக்குப் போகவேண்டும்.

வேலை: லேசர், ஐரிஸில் துளையிட்டு நீருக்கு மாற்றுவழி போடுகிறது, லென்ஸ் தடித்தபடியே இருக்கும். அறுவை, தடித்த லென்ஸை எடுத்து 1 மி.மீ. அளவே தடிமனுள்ள செயற்கை லென்ஸை வைக்கிறது.

சிரமம்: லேசர் சில நிமிடம்தான், முடிந்தபின் ஒரு மணி நேரத்தில் அழுத்தத்தை மறுபடி பார்க்கவேண்டும். அறுவையில் தொற்று அபாயம் சிறிதளவு உண்டு. கார்னியாவின் உள்ளடுக்குச் செல்கள் கொஞ்சம் அழியும், அவை திரும்ப வளராது.

கோணம் குறுகல், அழுத்தம் சரி என்றால் லேசர் போதும். 50 வயதுக்கு மேல், அழுத்தம் 30-ஐத் தொட்டுவிட்டால், புரை இல்லாவிட்டாலும் லென்ஸ் மாற்றமே மேல்; இரண்டையும் ஒப்பிட்டு 2016-இல் வெளியான ஈகிள் ஆய்வு காட்டியது இதைத்தான். இளவயதினருக்கு அவசரப்படக்கூடாது, லென்ஸை மாற்றினால் அருகில் உள்ளதைப் பார்க்கக் குவியும் திறன் போய்விடும். சல்லடை ஏற்கெனவே ஒட்டித் தழும்பாகியிருந்தால், இரண்டுக்குப் பின்னும் சொட்டு மருந்து தேவைப்படலாம்.