நான்கு ஆடிப்பட்டம்: வேர்க்கடலையில் ரைசோபியமும் பாஸ்போபாக்டீரியாவும்

எங்கள் நிலம் குப்பம் பக்கம், ஆந்திர எல்லைக்குள். மானாவாரி வேர்க்கடலை. நாலு வருஷமாக உயிர் உரம் போடுகிறேன், முதல் வருஷம் போட்டது அத்தனையும் வீண்.

அந்த வருஷம் பூஞ்சாண மருந்தையும், வேரில் முடிச்சு போட்டுத் தழைச்சத்து பிடிக்கிற பாக்டீரியாவான ரைசோபியத்தையும் ஒன்றாகக் கலந்து விதையில் புரட்டி, சீக்கிரம் காயட்டும் என்று வெயிலில் பரப்பினேன். மருந்தும் வெயிலும் அந்தப் பாக்டீரியாவைக் கொல்லும் என்று அப்போது தெரியாது. போதாததற்கு அதைக் கரைத்த கஞ்சி அதிகமாகி, பருப்புத் தோலும் உரிந்துபோனது. பொட்டலத்தில் காலாவதி தேதி தெலுங்கில் இருந்தது, அதையும் நான் படிக்கவில்லை!

இப்போது செய்வது வேறு. மருந்து நேர்த்தி செய்தால் முதல் நாளே முடித்துவிடுவேன். மறுநாள் ஏக்கருக்கான 50 கிலோ பருப்புக்கு ரைசோபியம், பாஸ்போபாக்டீரியா தலா இரண்டு பொட்டலம் (ஒன்று 200 கிராம்) எடுத்து, நன்றாக ஆறிய வடிகஞ்சியில் கரைத்து, கொஞ்சம் கொஞ்சமாகத் தெளித்து, சாக்கில் போட்டு மெதுவாகப் புரட்டுவேன். கையால் பிசைந்தால் தோல் போய்விடும். நிழலில் அரை மணி நேரம் உலர்த்தி அன்றைக்கே விதைப்பு. மண்ணுக்குத் தலா நான்கு பொட்டலம். மக்கின தொழுவுரம் 10 கிலோவிலும் மணல் 10 கிலோவிலும் கலந்து, ஈரம் இருக்கும்போது சாயங்காலம் தூவுவேன். டி.ஏ.பி.யோடு கலப்பதில்லை.

வேலை செய்ததா என்று பார்க்க, நாலு சால் மட்டும் நேர்த்தி செய்யாத விதை போடுவேன். 40 நாளில் செடியைப் பிடுங்காமல் மண்வெட்டியால் மண்ணோடு தூக்கி, தண்ணீரில் அலசணும். இழுத்தால் வேர் முடிச்செல்லாம் மண்ணிலேயே நின்றுவிடும். முடிச்சை நகத்தால் கீறினால் உள்ளே சிவப்பாக இருக்க வேண்டும். வெள்ளையாகவோ பச்சையாகவோ இருந்தால் அது தழைச்சத்து பிடிக்கவில்லை.

"ஒரே வெதைதானே மாமா, அந்தக் கொல்லையில மட்டும் ஏன் இவ்ளோ வித்தியாசம்?" என்று பக்கத்துக் கொல்லைப் பையன் கேட்டான். அதுதான் விஷயம். மல்பெரி பல வருஷம் இருந்து பிடுங்கின அரை ஏக்கரில், நேர்த்தி செய்யாத சால் வெளிறி நின்றது, முடிச்சும் சொற்பம். வருஷாவருஷம் கடலையும் காராமணியும் போடுகிற பழைய கொல்லையில் நேர்த்தி செய்த சாலுக்கும் செய்யாத சாலுக்கும் வித்தியாசமே தெரியவில்லை. காராமணி வேரில் இருக்கிற ரைசோபியமே கடலைக்கும் முடிச்சு போடும், அது அந்த மண்ணில் ஏற்கெனவே நிறைய இருக்கிறது. அங்கே நான் இப்போது விதைக்கு மட்டும்தான் செய்கிறேன், மண்ணில் தூவுவதை விட்டுவிட்டேன்.

பாஸ்போபாக்டீரியாவைக் கண்ணால் பார்த்துச் சொல்ல வழியில்லை. அது புதிதாக மணிச்சத்தைக் கொண்டுவராது, மண்ணில் கட்டிக்கிடப்பதைக் கரைத்துக் கொடுக்கும், அவ்வளவுதான். அதை நம்பி டி.ஏ.பி.யில் கால் பங்கு குறைத்தேன். இரண்டு வருஷமாகக் காய் குறையவில்லை. அதற்கு மேல் குறைக்க இன்னும் எனக்குத் துணிச்சல் வரவில்லை.